'ஓனர்கிட்ட இருந்து பணம் வந்தா தர்றேன்': சப் கான்ட்ராக்டர் கையெழுத்து போடும் அந்த ஒரு வரி என்ன செய்யும்?

வேலை முடிந்துவிட்டது. பில் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. போன் செய்தால் மெயின் கான்ட்ராக்டர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அண்ணே, கிளையன்ட்கிட்ட இருந்து எனக்கே இன்னும் வரல. வந்த அடுத்த நாளே உங்களுக்குப் போட்டு விட்டுர்றேன்."

மதுரை நகரத்திலும், திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி பக்கமும் வயரிங், பிளம்பிங், பெயின்டிங், சென்ட்ரிங் வேலையை உள்குத்தகைக்கு எடுப்பவர்களுக்கு இது பழகிய பதில். பலர் இதைச் சாக்கு என்று நினைக்கிறார்கள். ஆனால் பல நேரங்களில் அவர்களே கையெழுத்து போட்ட ஒப்பந்தத்தில் அந்தப் பதில் ஒரு வரியாக இருக்கிறது. கட்டுமானத் துறையில் இதற்கு 'பே வென் பெய்ட்' என்று பெயர். 'பேக் டு பேக் பேமென்ட்' என்றும் சொல்வார்கள்.

அந்த வரி இருந்தால் பணம் போனதாகவே அர்த்தமா? இல்லை. ஆனால் அந்த வரி எந்த வார்த்தையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் நிறைய விஷயம் அடங்கியிருக்கிறது.

'வந்ததும்' வேறு, 'வந்தால்' வேறு

இரண்டு விதமாக இந்த வரி எழுதப்படும்.

முதல் விதம்: "கிளையன்டிடம் இருந்து பணம் வந்ததும் 15 நாளில் சப் கான்ட்ராக்டருக்குப் பணம் தரப்படும்." இங்கே பணம் தர வேண்டிய கடமை ஏற்கெனவே இருக்கிறது. எப்போது தருவது என்பதை மட்டுமே இந்த வரி சொல்கிறது. கிளையன்ட் இழுத்தடித்தால், சப் கான்ட்ராக்டர் வாழ்நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. இது நேரத்தைப் பற்றிய வரி மட்டுமே என்றானால், நியாயமான காலத்துக்குள் கடமையை முடிக்க வேண்டும் என்று வாதாடலாம். ஒப்பந்தத்தில் காலம் சொல்லப்படாத இடங்களில் 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 46-வது பிரிவு இதே 'நியாயமான காலம்' என்ற அளவுகோலைத்தான் வைக்கிறது.

இரண்டாவது விதம்: "கிளையன்டிடம் இருந்து பணம் வந்தால் மட்டுமே சப் கான்ட்ராக்டருக்குப் பணம் தரப்படும். கிளையன்ட் பணம் தராத பட்சத்தில் மெயின் கான்ட்ராக்டருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை." இது ஆபத்தான வரி. பணம் எப்போது என்பது போய், பணம் உண்டா இல்லையா என்பதே கிளையன்ட் கையில் போய்விடுகிறது. நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்ற ஒரு நிகழ்வைச் சார்ந்த ஒப்பந்தத்தை, அந்த நிகழ்வு நடக்கும்வரை அமல்படுத்தக் கேட்க முடியாது என்கிறது அதே சட்டத்தின் 32-வது பிரிவு. மெயின் கான்ட்ராக்டர் தரப்பு வழக்கறிஞர் முதலில் கையில் எடுப்பது இந்தப் பிரிவைத்தான்.

ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதை வாசிக்கும்போது தேட வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்: 'வந்ததும்' என்று இருக்கிறதா, 'வந்தால் மட்டுமே' என்று இருக்கிறதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

புரிந்துகொள்வதற்காக ஒரு கற்பனை உதாரணம். திருமங்கலம் அருகே ஒரு தனியார் மருத்துவமனைக் கட்டடம். வயரிங் வேலையை லேபர் கான்ட்ராக்டாக ஒருவர் எடுத்திருக்கிறார். பொருள் எல்லாம் மெயின் கான்ட்ராக்டர் செலவு, ஆள் மட்டும் இவர் பொறுப்பு.

அவரிடம் 8 பேர் வேலை செய்கிறார்கள். ஆளுக்கு நாள் கூலி 900 ரூபாய் என்றால், வாரம் 6 நாளுக்கு 43,200 ரூபாய். இது சனிக்கிழமை சாயங்காலம் கையில் கொடுத்தே ஆக வேண்டிய பணம். கூலிக்கு 'பே வென் பெய்ட்' கிடையாது. 8 வாரத்தில் 3,45,600 ரூபாய் அவர் கையை விட்டுப் போயிருக்கும்.

மூன்றாவது ஆர்.ஏ. பில், அதாவது வேலை நடக்க நடக்கப் போடும் பில், 6 லட்சம் ரூபாய். சைட் இன்ஜினியர் அளவு எடுத்து ஏப்ரல் 15-ம் தேதி கையெழுத்து போட்டுவிட்டார். வயரிங்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கட்டடத்தில் டைல்ஸ் வேலை சரியில்லை என்று சொல்லி மருத்துவமனை நிர்வாகம் மெயின் கான்ட்ராக்டரின் மொத்த பில்லையும் நிறுத்தி வைத்துவிட்டது.

இந்த வரியில் இருக்கும் உண்மையான சிக்கல் இங்கேதான் தெரிகிறது. டைல்ஸ் போட்டது வேறு ஆள், அதைச் சரிபார்க்க வேண்டியது மெயின் கான்ட்ராக்டர். ஆனால் மாட்டிக்கொண்டது வயரிங் செய்தவரின் 6 லட்சம். அவருக்கும் மருத்துவமனைக்கும் நேரடி ஒப்பந்தம் இல்லை என்பதால், நிர்வாகத்திடம் போய் "என் பங்கைக் கொடுங்கள்" என்று கேட்கவும் பொதுவாக வழியில்லை.

நீதிமன்றம் எதைப் பார்க்கும்?

மெயின் கான்ட்ராக்டர் அந்த வரியைக் காட்டிவிட்டால் பேச்சு முடிந்துவிடாது. இரண்டு கேள்விகள் மிச்சம் இருக்கின்றன.

முதல் கேள்வி: கிளையன்டுடன் போட்ட மெயின் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது? இர்கான் நிறுவனத்துக்கும் வினய் ஹெவி எக்யூப்மென்ட்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. மெயின் ஒப்பந்தத்தில் பேக் டு பேக் ஏற்பாடு இல்லாதபோது, நடுவில் இருக்கும் கான்ட்ராக்டருக்கே தனிப் பொறுப்பு உண்டு என்று கருதப்படும் என்றது நீதிமன்றம். கிளையன்டுக்கும் மெயின் கான்ட்ராக்டருக்கும் உள்ள உறவு வேறு, மெயின் கான்ட்ராக்டருக்கும் சப் கான்ட்ராக்டருக்கும் உள்ள உறவு வேறு என்பதே அதன் அடிப்படை. அதனால்தான் மெயின் ஒப்பந்தத்தின் பேமென்ட் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது முக்கியம்.

இரண்டாவது கேள்வி: கிளையன்ட் ஏன் பணம் தரவில்லை? மெயின் கான்ட்ராக்டர் பில்லையே சமர்ப்பிக்கவில்லை, அவர் வேலையில் குறை, அவர் கொடுக்க வேண்டிய ஆவணம் பாக்கி என்று காரணம் இருந்தால், தன் தவறால் வந்த தாமதத்தைத் தனக்குக் கவசமாகப் பயன்படுத்த முடியாது என்று வாதாடலாம். தன் தவறில் இருந்து ஒருவர் லாபம் அடையக் கூடாது என்பது நீதிமன்றங்கள் ஏற்கும் பழைய விதி. உதாரணத்தில் வரும் டைல்ஸ் பிரச்சினை இந்த வகைதான். கிளையன்டிடமே பணம் இல்லை, அரசு நிதி வரவில்லை என்பது போன்ற காரணம் என்றால் இந்த வாதம் எடுபடுவது கடினம்.

பிரிட்டனில் இவ்வளவு வாதம் தேவையில்லை. 1996-ல் வந்த கட்டுமானச் சட்டத்தின்படி, கிளையன்ட் திவாலானால் தவிர, இந்த மாதிரி வரி செல்லாது. சிங்கப்பூரில் 2004-ம் ஆண்டு சட்டமும், மலேசியாவில் 2012-ம் ஆண்டு சட்டமும் இப்படிப்பட்ட நிபந்தனையைச் செல்லாததாக்கிவிட்டன. இந்தியாவில் கட்டுமானத் துறைக்கென்று அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. ஆனால் சிறு தொழில் செய்பவர்களுக்கு வேறு ஒரு கதவு இருக்கிறது.

45 நாள் சட்டம்

அது 2006-ம் ஆண்டு குறு, சிறு மற்றும் நடுத்தர தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். சுருக்கமாக எம்எஸ்எம்இ சட்டம்.

இந்தச் சட்டத்தின் 15-வது பிரிவு, குறு அல்லது சிறு நிறுவனம் கொடுத்த சேவைக்குப் பணம் தருவதற்கு வரம்பு வைக்கிறது. எழுத்தில் எத்தனை நாள் ஒப்புக்கொண்டிருந்தாலும், வேலையை ஏற்றுக்கொண்ட நாளில் இருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. வேலை முடிந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். அதாவது "நல்லா இல்ல" என்று போனில் சொன்னால் போதாது, எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தின் பார்வையில் 'வாங்குபவர்' என்பது மெயின் கான்ட்ராக்டர்தான். அவருக்குக் கிளையன்ட் பணம் தந்தாரா என்று 15-வது பிரிவு கேட்பதில்லை. பே வென் பெய்ட் வரிக்கு எதிராகச் சப் கான்ட்ராக்டருக்கு இருக்கும் வலுவான பிடி இது.

தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். ஒப்பந்தத்தில் வேறு என்ன எழுதியிருந்தாலும் இந்த வட்டி உண்டு என்று 16-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

உதாரணத்துக்குத் திரும்புவோம். ஏப்ரல் 15-ல் வேலை ஏற்கப்பட்டது, 45 நாள் மே 30-ல் முடிகிறது. மே 31-ல் இருந்து வட்டி ஓட ஆரம்பிக்கும். வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மூன்று மடங்கு 18, மாதத்துக்கு ஒன்றரை சதவீதம். 8 மாதம் தாமதம் என்றால் 6 லட்சத்துக்கு வட்டி மட்டும் சுமார் 75,900 ரூபாய். வங்கி விகிதம் மாறும் என்பதால் புகார் கொடுக்கும்போது அந்தந்த கால விகிதத்தைப் பார்த்துப் போட வேண்டும்.

எங்கே புகார் கொடுப்பது?

இதற்கென்று குறு, சிறு நிறுவனங்கள் வசதியாக்கல் கவுன்சில் இருக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சி, மதுரை என நான்கு மண்டல கவுன்சில்கள் உள்ளன. மதுரைக்காரர்கள் இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. புகாரை ஆன்லைனில் பதிவு செய்யலாம். 2017-ல் 'சமாதான்' என்ற பெயரில் மத்திய அரசு இதற்கான தளத்தைத் தொடங்கியது, 2025-ல் ஆன்லைன் தகராறு தீர்வுத் தளமும் வந்தது. எதில் பதிவு செய்வது என்பதில் குழப்பம் இருந்தால் மாவட்ட தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

கவுன்சில் முதலில் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசும். முடியாவிட்டால் நடுவர் விசாரணைக்குப் போகும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கலாம். தீர்ப்பு சப் கான்ட்ராக்டர் பக்கம் வந்து, அதை ரத்து செய்யக் கோரி மெயின் கான்ட்ராக்டர் நீதிமன்றம் போனால், முதலில் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். இந்த ஒரு விதிக்காகவே பலர் சமரசத்துக்கு இறங்கி வருவார்கள்.

இந்தக் கதவு எல்லோருக்கும் திறக்காது

இரண்டு எச்சரிக்கை இருக்கிறது.

ஒன்று, உத்யம் பதிவு. வேலை முடிந்து பணம் நின்ற பிறகு பதிவு செய்துவிட்டு, பழைய பில்லுக்கும் இந்தச் சட்டத்தின் பலனைக் கேட்க முடியாது என்று 2021-ல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிவு எப்போது இருக்க வேண்டும் என்ற கேள்வியை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, பெரிய அமர்வுக்கு அனுப்பியது. எனவே பாதுகாப்பான வழி ஒன்றுதான்: ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுவதற்கு முன்பே உத்யம் பதிவு கையில் இருக்க வேண்டும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது.

இரண்டு, வேலையின் வகை. உதாரணத்தில் இருப்பது போல ஆள் மட்டும் கொடுக்கும் லேபர் கான்ட்ராக்ட் என்றால், அதைச் 'சேவை' என்று சொல்வது எளிது. பொருளும் ஆளும் சேர்த்து எடுக்கும் வேலைக்கு 'ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்' என்று பெயர். அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எதிர் தரப்பு இதை எழுப்பும் என்று தெரிந்தே போக வேண்டும். பொருளுக்குத் தனி பில், கூலிக்குத் தனி பில் என்று ஆரம்பத்திலேயே பிரித்து வைத்திருப்பது அப்போது உதவலாம்.

பணம் உண்மையிலேயே வரலையா?

"கிளையன்ட் தரல" என்பது உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிளையன்ட் அரசுத் துறை அல்லது மாநகராட்சி என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் மனு கொடுத்து, "இந்தப் பணிக்கு இந்தக் கான்ட்ராக்டருக்கு இதுவரை எந்தெந்த பில்லுக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு தரப்பட்டது?" என்று கேட்கலாம். பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும். பணம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று பதிலில் இருந்தால், அந்த வரியின் நிபந்தனை நிறைவேறிவிட்டது. அதன் பிறகு அதைக் காட்டி மறுக்க முடியாது.

தனியார் கிளையன்ட் என்றால் இந்த வழி இல்லை. மெயின் கான்ட்ராக்டரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்: எங்கள் வேலையை எந்த பில்லில் சேர்த்தீர்கள், எப்போது கொடுத்தீர்கள், ஏன் நிற்கிறது? பதில் வராவிட்டால், அந்த மௌனமே பின்னாளில் பயன்படும்.

ஜிஎஸ்டியிலும் ஒரு பிடி உண்டு. சப் கான்ட்ராக்டர் ஜிஎஸ்டி பில் போட்டிருந்தால், பணம் வராவிட்டாலும் அவர் வரியைக் கட்டியாக வேண்டும். மெயின் கான்ட்ராக்டரோ அந்த பில்லைக் காட்டி உள்ளீட்டு வரி வரவை எடுத்திருப்பார். பில் தேதியில் இருந்து 180 நாளில் பணம் தராவிட்டால், எடுத்த வரவை வட்டியோடு அவர் திருப்பிக் கட்ட வேண்டும். வருமான வரியிலும், குறு, சிறு நிறுவனங்களுக்கு எம்எஸ்எம்இ சட்டக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், அதை உண்மையில் தரும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்ற விதி 2023 நிதிச் சட்டம் மூலம் வந்தது. நோட்டீஸில் இந்த இரண்டையும் குறிப்பிட்டால், மெயின் கான்ட்ராக்டரின் ஆடிட்டரே அவரிடம் பேசுவார்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய மூன்று திருத்தம்

"இந்த வரியை எடுத்துருங்க" என்றால் வேலையே கிடைக்காமல் போகலாம். வரியை வைத்துக்கொண்டே அதன் பல்லைப் பிடுங்க முடியும்.

1. கடைசி நாள்: "கிளையன்டிடம் பணம் வந்த 7 நாளில், அல்லது பில் சரிபார்க்கப்பட்ட 45 நாளில், எது முதலில் வருகிறதோ அதற்குள்" என்று சேர்க்கச் சொல்லலாம். மூன்றில் முக்கியமானது இதுதான். 'வந்தால்' என்பதை இது 'வந்ததும்' ஆக்கிவிடும்.

2. விதிவிலக்கு: மெயின் கான்ட்ராக்டர் தவறாலோ, மற்ற சப் கான்ட்ராக்டர்களின் வேலைக் குறையாலோ கிளையன்ட் பணத்தை நிறுத்தினால், இந்த வரி பொருந்தாது.

3. தகவல்: ஒவ்வொரு பில்லும் கிளையன்டுக்குப் போன தேதி, பணம் வந்த தேதி ஆகியவற்றை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

காத்திருப்பதற்கும் ஒரு எல்லை

"வரும், வரும்" என்று காத்திருப்பவர்கள் தவறவிடும் விஷயம் காலக்கெடு. செய்த வேலைக்கான பணத்துக்கு வழக்குப் போட, காலக்கெடுச் சட்டப்படி பொதுவாக 3 வருடம்தான். அது வேலை முடிந்த நாளில் தொடங்குகிறதா, கிளையன்ட் பணம் தந்த நாளில் தொடங்குகிறதா என்பதே வழக்கில் சண்டையாக மாறலாம். எனவே வேலை முடிந்த நாளில் இருந்தே எண்ணிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

3 வருடம் முடிவதற்குள் "உங்களுக்கு இவ்வளவு பாக்கி இருக்கிறது" என்று மெயின் கான்ட்ராக்டர் கையெழுத்துடன் எழுதிக் கொடுத்தால், அந்தத் தேதியில் இருந்து மறுபடி 3 வருடம் தொடங்கும். ஒவ்வொரு மார்ச் முடிவிலும் கணக்கு முடிக்கும்போது, பாக்கித் தொகையை உறுதி செய்யும் கடிதம் ஒன்றை அவரிடம் கையெழுத்து வாங்கி வைப்பது இதற்காகத்தான். "பணம் வரட்டும் அண்ணே" என்று போனில் சொல்லும் வார்த்தை அந்தக் கடிதத்துக்கு ஈடாகாது.